வெளிநாட்டு டீமுடன் மாலை 6.30 மணி கால்: ஷிஃப்ட் நேரத்தை மாற்றக் கேட்டு மேனேஜருக்கு லெட்டர் எழுதுவது எப்படி? கும்மிடிப்பூண்டி ஊழியர்கள் கவனிக்க வேண்டியவை

மாலை 5 மணிக்கு ஜெனரல் ஷிஃப்ட் பஸ் கிளம்பிடும். ஆனா ஒரு சிலர் மட்டும் கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார்ந்திருப்பார்கள். காரணம், 6.30 மணிக்கு அமெரிக்காவில் இருக்கும் புராஜெக்ட் டீமுடன் கால். அங்கே அப்போதுதான் காலை 9 மணி. கால் முடிய 8 மணி ஆகும். அடுத்த நாள் காலை 8.30-க்கு மறுபடி பஞ்ச் வைக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை சிப்காட் என திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்குப் பகுதியில் இருக்கும் ஆலைகளில் இது புதுசு இல்லை. தேர்வாய்கண்டிகையில் இருக்கும் மிஷெலின் டயர் ஆலையின் தாய் நிறுவனம் பிரான்ஸைச் சேர்ந்தது. இப்படி வெளிநாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஆலைகள் ஒருபுறம், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு உதிரிபாகம் செய்து அனுப்பும் ஆலைகள் இன்னொருபுறம். தரப் பிரிவு, டிசைன், பர்சேஸ், மெயின்டனன்ஸ் என எந்தப் பிரிவாக இருந்தாலும், புராஜெக்ட் என்று வந்துவிட்டால் அந்த ஊர் நேரத்துக்கு யாராவது ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

"சார், அந்த ரெண்டு நாள் மட்டும் லேட்டா வரட்டுமா?" என்று வாய்வார்த்தையாகக் கேட்டு, "சரி, பார்த்துக்கோ" என்று பதில் வாங்கி ஓட்டுபவர்கள்தான் அதிகம். அது ஏன் போதாது, எழுத்தில் கேட்கும்போது என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம்.

முதலில் கணக்கு

பொன்னேரியில் இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் ஒரு தரப் பிரிவுப் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்ளும் உதாரணம்தான். ஜெனரல் ஷிஃப்ட் காலை 8.30 முதல் மாலை 5 வரை. நடுவில் அரை மணி சாப்பாட்டு இடைவேளை. ஆக ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரத்தில் 6 நாள், மொத்தம் 48 மணி.

டெட்ராய்ட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு புது உதிரிபாகம் அனுப்ப வேண்டும். அதற்கான ஒப்புதல் வேலைகள் 2026 செப்டம்பர் 8 முதல் டிசம்பர் 17 வரை. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் மாலை 6.30 முதல் 8 வரை கால். முடிந்ததும் பேசியதைக் குறித்து அனுப்ப அரை மணி. வெளியே வர 8.30.

அந்த 15 வாரங்களில் செவ்வாயும் வியாழனும் சேர்த்து 30 நாள் வருகிறது. நவம்பர் 26 வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, அன்றைக்கு கால் இருக்காது. மீதி 29 நாள். ஒவ்வொரு நாளும் மாலை 5-க்குப் பிறகு மூன்றரை மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் 101½ மணி நேரம். அதாவது கிட்டத்தட்ட 13 வேலை நாள், யாருடைய கணக்கிலும் ஏறாமல் போகிறது.

லெட்டரில் கேட்க வேண்டியது இந்த இடத்தில்தான் தெளிவாகிறது. கேட்பது சலுகையும் இல்லை, வேலை நேரக் குறைப்பும் இல்லை. அதே 8 மணி நேரத்தை, அந்த இரண்டு நாள் மட்டும், மதியம் 12 முதல் இரவு 8.30 வரை நகர்த்தித் தரச் சொல்வது. பலருடைய லெட்டரில் "மாலை கால்களில் கலந்துகொள்ளத் தயாராக இருக்கிறேன்" என்று மட்டும் இருக்கும். காலையில் எத்தனை மணிக்கு வருவேன் என்ற வரி இருக்காது. மேனேஜர் அதைப் படித்துவிட்டு சந்தோஷமாக ஓகே சொல்வார். காலை 8.30 அப்படியே இருக்கும், இரவு 8.30-ம் சேர்ந்துகொள்ளும்!

"பார்த்துக்கோ" ஏன் போதாது?

முதல் பிரச்சினை டைம் ஆபீஸ். மேனேஜர் சொன்ன "சரி" அங்கே இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஜெனரல் ஷிஃப்ட் என்று பதிவான ஊழியர் 12 மணிக்கு பஞ்ச் வைத்தால், அது மூன்றரை மணி நேர லேட்டாகத்தான் பதிவாகும். பல ஆலைகளில் அது தானாகவே அரை நாள் லீவாகக் கழிந்துவிடும், லீவு இல்லை என்றால் சம்பளப் பிடித்தம். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரியவரும். அப்போது ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி அலைய வேண்டும்.

இரண்டாவது பிரச்சினை பெரியது. வேலைக்கு வரும் வழியிலோ, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலோ விபத்து நடந்தால் என்ன ஆகும்?

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலையின் வாட்ச்மேன். அவருக்கு டியூட்டி அதிகாலை 3 மணி முதல் காலை 11 மணி வரை. 2003 ஏப்ரலில் ஒரு நாள் அதிகாலை பைக்கில் வேலைக்குப் போகும்போது, ஆலைக்கு சுமார் 5 கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்துபோனார். தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொன்னார். ஆலைக்கு வெளியே நடந்த விபத்து, வேலையின்போது நடந்தது இல்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, கே.வி.விஸ்வநாதன் அமர்வு மறுபடி இழப்பீட்டை உறுதி செய்தது.

அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்க 22 வருஷம் ஆனது என்பது தனிக் கதை. நமக்கு இங்கே வேண்டியது, நீதிமன்றம் எதைப் பார்த்தது என்பது. வேலைக்கும் விபத்துக்கும் நேரம், இடம், சூழ்நிலை மூன்றிலும் தொடர்பு இருக்க வேண்டும் என்று அது சொன்னது. 3 மணி டியூட்டிக்குப் போக வேண்டியவர் அதற்கு முன் ஆலைக்குப் போகும் வழியில் இருந்தார், அதனால் தொடர்பு இருக்கிறது என்றது. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் சேர்க்கப்பட்ட 51-இ பிரிவும் இதே அளவுகோலைத்தான் சொன்னது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தை, அந்தத் தொடர்பு இருந்தால், வேலையின்போது ஏற்பட்ட காயமாகவே அது எடுத்துக்கொண்டது.

இப்போது நம் பொறியாளரை நினைத்துப் பாருங்கள். ரெக்கார்டில் அவருக்கு வேலை மாலை 5 மணியோடு முடிகிறது. இரவு 8.45-க்கு தேசிய நெடுஞ்சாலையில் பைக்கில் போகும்போது ஏதாவது நடந்தால், "5 மணிக்கு வேலை முடிந்தவர் 8.45-க்கு அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்?" என்ற கேள்வி வரும். மீட்டிங் அழைப்பு, மெயில் எல்லாம் காட்டி பதில் சொல்லலாம்தான். ஆனால் அதைச் சொல்ல அலையப்போவது அவருடைய குடும்பம். நேர மாற்றம் எழுத்தில் இருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரே தாளில் பதில் கிடைத்துவிடும்.

சட்டம் எங்கே வருகிறது?

ஆலைகளின் வேலை நேரத்தை இத்தனை காலம் நிர்ணயித்தது 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு, தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. நாளைக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளத்தில் ஓவர்டைம் என்பது இதன் அடிப்படை.

பழைய சட்டத்தில் இருந்த ஒரு கணக்கு இந்த விஷயத்துக்கு ரொம்பப் பொருந்தும். இடைவேளையையும் சேர்த்து, ஒரு தொழிலாளியின் வேலை ஒரு நாளில் பத்தரை மணி நேரத்துக்கு மேல் பரவக் கூடாது என்றது 56-வது பிரிவு. காலை 8.30-க்கு ஆரம்பித்தால் இரவு 7 மணியோடு அந்தப் பத்தரை மணி முடிகிறது. 8.30 வரை உட்கார்ந்தால் 12 மணி நேரம். நடுவில் 5 முதல் 6.30 வரை டீ குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது. சும்மா காத்திருக்கும் நேரமும் ஊழியரின் நாள்தான் என்று அந்தக் காலத்திலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா பலருக்கு ஞாபகம் இருக்கும். வேலை நேரம், பரவல், ஓவர்டைம் பற்றிய பிரிவுகளில் இருந்து ஆலைகளுக்கு விலக்கு தர அது வழி செய்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதைத் திரும்பப் பெறுவதாக மே தினத்தன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அந்த வழி அதோடு மூடப்பட்டது.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்த வேலை நேர வரம்புகளில் இருந்து பழைய சட்டத்திலேயே விலக்கு உண்டு. பொறியாளர் என்றால் பெரும்பாலும் அந்த வகையில்தான் ஹெச்.ஆர். வைத்திருப்பார்கள். ஆனால் பெயருக்கு முன்னால் "இன்ஜினீயர்" என்று போட்டதால் மட்டும் அது முடிவாகிவிடாது. உண்மையில் என்ன வேலை செய்கிறார், அவருக்குக் கீழே யாராவது வேலை செய்கிறார்களா என்பதைப் பார்ப்பார்கள். டிப்ளமோ முடித்து, கேஜ் பிடித்து அளவு பார்க்கும் ஒருவர் இந்த வரம்புக்குள் வரவே வாய்ப்பு அதிகம்.

அதற்காக லெட்டரில் சட்டப் பிரிவுகளை அடுக்கத் தேவையில்லை. அப்படி எழுதினால் லெட்டர் மேனேஜர் மேஜையில் இருந்து நேராக ஹெச்.ஆர். லீகலுக்குப் போய்விடும், இரண்டு நாள் நேர மாற்றத்துக்கு இரண்டு மாசம் ஆகும். 12 மணி நேரம் என்ற எண் மட்டும் லெட்டரில் இருந்தால் போதும். படிக்கிறவருக்கே புரியும்.

மேனேஜர் மனசில் ஓடும் கேள்விகள்

லெட்டரைப் படிக்கும் மேனேஜருக்கு கால் எத்தனை மணிக்கு என்பது பெரிய கவலை இல்லை. அவருடைய கவலை காலை 8.30 முதல் 12 வரை. ஷிஃப்ட் ஆரம்பத்தில் முதல் பீஸை அளந்து ஓகே சொல்ல யார் இருப்பார்கள்? 9 மணி புரொடக்‌ஷன் மீட்டிங்கில் முந்தின நாள் ரிஜெக்‌ஷன் பற்றி யார் பேசுவார்கள்? ஒருத்தருக்குக் கொடுத்தால் நாளைக்கு நாலு பேர் வந்து நிற்பார்களே? இது எப்போது முடியும்?

இந்த நாலுக்கும் லெட்டரிலேயே பதில் இருந்தால், அவர் செய்ய வேண்டியது கையெழுத்து மட்டும்தான். இல்லை என்றால் "அப்புறம் பேசலாம்" என்று ஓரமாகப் போய்விடும். காலை வேலையைப் பார்த்துக்கொள்ளப் போகும் சக ஊழியரிடம் முதலில் பேசி, அவர் சம்மதித்த பிறகே அவர் பெயரை எழுத வேண்டும். லெட்டரைப் பார்த்துத்தான் அவருக்கே விஷயம் தெரிகிறது என்றால், கேட்டது கிடைக்காது, இருக்கும் நட்பும் போய்விடும்.

ஆலைகளில் இந்த மாதிரி லெட்டர் பெரும்பாலும் ஆங்கில மெயிலாகத்தான் போகும். எந்த மொழியில் எழுதினாலும் உள்ளே இருக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். நம் பொறியாளரின் லெட்டர் இப்படி இருக்கலாம்:

> பெறுநர்: மேலாளர், தரப் பிரிவு
> நகல்: மனிதவளப் பிரிவு, டைம் ஆபீஸ்
>
> பொருள்: செவ்வாய், வியாழன் வேலை நேரத்தை மதியம் 12 – இரவு 8.30 என மாற்றித் தரக் கோருதல் (8.9.2026 முதல் 17.12.2026 வரை)
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> புதிய உதிரிபாக ஒப்புதலுக்காக டெட்ராய்ட் குழுவுடன் செவ்வாய், வியாழன் மாலை 6.30 முதல் 8.00 வரை அழைப்பு நடக்க உள்ளது. நம் ஆலை சார்பில் அளவீட்டு அறிக்கைகளை விளக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது.
>
> ஜெனரல் ஷிஃப்ட்டிலேயே தொடர்ந்தால் அந்த நாள்களில் காலை 8.30 முதல் இரவு 8.30 வரை, 12 மணி நேரம் ஆலையில் இருக்க வேண்டி வரும். எனவே அந்த இரு நாள்களில் மட்டும் என் வேலை நேரத்தை மதியம் 12.00 முதல் இரவு 8.30 வரை மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன். இடைவேளை 4.30 முதல் 5.00 வரை. மொத்த வேலை நேரம் 8 மணி, அதில் மாற்றம் இல்லை. மற்ற நாள்களில் வழக்கம்போல் 8.30-க்கு வருவேன்.
>
> அந்த நாள்களில் முதல் பீஸ் ஆய்வையும் 9 மணிக் கூட்டத்தையும் சக பொறியாளர் (பெயர்) பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டுள்ளார். ரிஜெக்‌ஷன் விவரத்தை முந்தின நாள் மாலை 5 மணிக்குள் அவரிடம் கொடுத்துவிடுவேன். வாடிக்கையாளர் தணிக்கை உள்ள நாள்களில் காலை 8.30-க்கே வருவேன், அன்று அழைப்புக்கு மாற்று ஏற்பாட்டைத் தாங்கள் சொல்லும்படி செய்கிறேன்.
>
> அழைப்பு இல்லாத நாள்களில் (எ.கா. நவம்பர் 26) ஜெனரல் ஷிஃப்ட்டே தொடரும்.
>
> வருகைப் பதிவில் இந்த நேரத்தைப் பதிவு செய்யவும், இரவு 8.30-க்கு பொன்னேரி வரை வாகன வசதி செய்து தரவும் டைம் ஆபீஸுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். அக்டோபர் முதல் வாரத்தில் இந்த ஏற்பாட்டைத் தாங்கள் மறுபரிசீலனை செய்யலாம்.
>
> இப்படிக்கு,
> (பெயர், ஊழியர் எண், பிரிவு)

இந்த லெட்டரில் ஒரு சின்ன வரி இருக்கிறது, பலர் மறப்பது: இடைவேளை 4.30 முதல் 5 வரை. 12 மணிக்கு உள்ளே வருபவருக்கு 12.30 கேன்டீன் சாப்பாடு பொருந்தாது, இரவுச் சாப்பாட்டுக்குள் கிளம்பிவிடுவார். இடைவேளையைக் குறிக்காவிட்டால் எட்டரை மணி நேரமும் இடைவேளை இல்லாமலே போகும். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்பது பழைய சட்டத்தின் கணக்கு. 4.30 அதற்குள் வந்துவிடுகிறது.

"அக்டோபர் முதல் வாரத்தில் மறுபரிசீலனை" என்ற வரியும் சும்மா போட்டது இல்லை. மூன்று மாசத்துக்கு மொத்தமாக ஓகே சொல்லத் தயங்கும் மேனேஜர், ஒரு மாசம் பார்க்கலாம் என்றால் ஒத்துக்கொள்வார்.

நவம்பர் 1-ல் ஒரு மணி நேரம் எங்கே போகும்?

இந்தியாவில் கடிகாரம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஓடும். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. மார்ச் இரண்டாவது ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். 2026-ல் அந்த நவம்பர் ஞாயிறு, 1-ம் தேதி.

அதுவரை டெட்ராய்ட் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். அதன் பிறகு பத்தரை மணி நேரம். அவர்களுக்கு அதே காலை 9 மணி, நமக்கு மாலை 6.30-க்குப் பதில் இரவு 7.30 ஆகிவிடும். நவம்பர் 3 செவ்வாய்க்கிழமை கால் 9 மணிக்கு முடியும், வெளியே வர 9.30. அனுமதி வாங்கியதோ 8.30 வரை.

ஜெர்மனி, பிரான்ஸ் டீம் என்றாலும் இதே கதைதான், தேதி மட்டும் வேறு. அங்கே மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி. ஜப்பான், கொரியாவில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அவர்களுடைய காலை 9 மணி நமக்கு விடியற்காலை 5.30. அந்த டீமுடன் வேலை செய்பவர்கள் நேரத்தை முன்னால் நகர்த்தக் கேட்க வேண்டியிருக்கும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, லெட்டரிலேயே "நவம்பர் 3 முதல் மதியம் 1 – இரவு 9.30" என்று இரண்டாவது நேரத்தையும் எழுதுவது. இன்னொன்று, காலை இந்திய நேரப்படி நிலையாக வைக்கச் சொல்வது. அதாவது நவம்பரில் இருந்து டெட்ராய்ட் டீம் அவர்கள் நேரம் காலை 8-க்கே வர வேண்டும், நமக்கு 6.30 மாறாது. அவர்களும் ஒரு மணி நேரம் சீக்கிரம் வரட்டுமே என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதை மேனேஜர் மூலமாக செப்டம்பரிலேயே கேட்டுவிட வேண்டும்.

எந்த வழி என்றாலும், மீட்டிங் அழைப்பை யார் உருவாக்கினார்கள் என்று பாருங்கள். வாராவாரம் வரும் அழைப்பு, அது எந்த ஊர் நேரத்தில் உருவாக்கப்பட்டதோ அந்த ஊர் கடிகாரத்தைத்தான் பின்பற்றும். டெட்ராய்டில் இருப்பவர் உருவாக்கியிருந்தால், நவம்பரில் நம் காலண்டரில் அது சத்தமில்லாமல் 7.30-க்கு நகர்ந்துவிடும். காலண்டரில் நவம்பர் 3-ஐ இப்போதே திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

8.30-க்கு வெளியே வந்தால் எப்படிப் போவது?

சென்னையில் கேப் போட்டுக்கொண்டு போய்விடலாம். இங்கே அப்படி இல்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இருந்து கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் வழியாக சென்னை சென்ட்ரலுக்கு மின்சார ரயில் உண்டு. ஆனால் தாம்பரம் லைன் மாதிரி அடிக்கடி வராது. கால் பத்து நிமிஷம் இழுத்தால் ரயில் போய்விடும், அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். சிப்காட்டில் இருந்து ஸ்டேஷனுக்கு வர அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ கிடைப்பதும் நிச்சயம் இல்லை. தேர்வாய்கண்டிகையில் ரயிலே கிடையாது, கம்பெனி வண்டியை விட்டால் சொந்த பைக்தான்.

அதனால் லெட்டரில் வாகன வரி கட்டாயம் வேண்டும். எந்த ஊர் வரை என்றும் எழுத வேண்டும்.

மேனேஜர் பக்கம் இருந்து வரக்கூடிய மாற்று யோசனையும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்: "தனி வண்டி முடியாது, பேசாம பி ஷிஃப்ட்ல வாங்களேன்." பல ஆலைகளில் பி ஷிஃப்ட் மதியம் 2 முதல் இரவு 10 வரை. அதற்கு பஸ் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது, வருகைப் பதிவில் ஷிஃப்ட்டும் ஏற்கெனவே இருக்கிறது. நவம்பரில் கால் 7.30-க்கு நகர்ந்தாலும் 10 மணிக்குள் அடங்கிவிடும்.

ஹெச்.ஆர். இதை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொழிலாளர்களின் வேலை நேரத்தை எழுதி ஆலையில் நோட்டீஸாக ஒட்ட வேண்டும், அதில் இல்லாத நேரத்தில் வேலை வாங்கக் கூடாது என்பது பழைய சட்டத்தின் 61, 63-வது பிரிவுகள். நோட்டீஸை மாற்றினால் ஆய்வாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 – 8.30 என்று ஒருவருக்காகப் புது நேரம் உருவாக்குவதைவிட, இருக்கும் பி ஷிஃப்ட்டில் போடுவது அவர்களுக்குச் சுலபம்.

ஒத்துக்கொள்ளலாமா? ரயிலுக்குப் பதில் பஸ் உறுதி என்பது நல்ல விஷயம்தான். ஆனால் 10 மணிக்கு முடித்துவிட்டு அடுத்த நாள் காலை 8.30-க்கு ஜெனரல் ஷிஃப்ட் என்றால், நடுவில் பத்தரை மணி நேரம்தான். அதில் பயணம் போக, குளித்துச் சாப்பிட்டுத் தூங்க மிச்சம் இருப்பது கொஞ்சம். வாரத்தில் இரண்டு தடவை இது நடக்கும். பி ஷிஃப்ட் என்றால் முழு வாரமும் பி ஷிஃப்ட், அல்லது புதன், வெள்ளி காலை மட்டும் தாமதமாக வர அனுமதி என்று கேட்பதுதான் சரியாக இருக்கும்.

பெண் ஊழியர்கள் என்றால்?

இரவு 7 மணி என்ற கோடு முக்கியம். காலை 6 முதல் இரவு 7 வரை மட்டுமே பெண்கள் ஆலையில் வேலை செய்யலாம் என்று பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-வது பிரிவு சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் அந்தத் தடையை ரத்து செய்தது, அதோடு பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. புதிய சட்டத் தொகுப்பின்படி, இரவு 7-க்குப் பிறகும் காலை 6-க்கு முன்பும் பெண்கள் வேலை செய்ய அவர்களுடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடுகள் நிறுவனத்தின் பொறுப்பு.

8.30 வரை நீளும் நேர மாற்றத்தை ஒரு பெண் ஊழியர் தானே கேட்கும்போது, அந்த லெட்டரே எல்லா இரவு வேலைக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படலாம். எனவே சம்மதத்துக்கு ஒரு எல்லை போட்டு எழுதுவது நல்லது. "செவ்வாய், வியாழன் இரவு 8.30 வரை, வீட்டு வாசல் வரை வாகன வசதியுடன், டிசம்பர் 17 வரை மட்டும்" என்று இருந்தால் குழப்பம் வராது. இங்கே வாகனம் கோரிக்கை இல்லை, நிபந்தனை.

ஓகே வந்த பிறகு

மேனேஜர் நேரில் சரி சொன்னால், அன்றைக்கே "தாங்கள் கூறியபடி செப்டம்பர் 8 முதல் இந்த நேரத்தில் வருகிறேன்" என்று ஒரு வரி மெயில் அனுப்பி, டைம் ஆபீஸுக்கு நகல் போட வேண்டும். அதற்கு அவர் பதில் போட்டால் அதுவே அனுமதி. பதில் வராவிட்டால் முதல் செவ்வாய்க்கிழமைக்கு முன் நேரில் போய் நினைவுபடுத்தி வாங்கிவிட வேண்டும்.

முதல் வாரம் முடிந்ததும் டைம் ஆபீஸில் போய் அந்த இரண்டு நாள் பதிவு எப்படி ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 12 மணி பஞ்ச் "லேட்" என்று இருந்தால், நேர மாற்றம் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்று அர்த்தம். இரண்டு நாளைத் திருத்துவது சுலபம், 29 நாளைத் திருத்துவது சுலபம் இல்லை. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியிடம் அனுமதியின் ஒரு பிரின்ட் இருப்பதும் நல்லது, 12 மணிக்கு வருபவரை அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்.

அனுமதி மெயிலை கம்பெனி மெயில் பெட்டியில் மட்டும் விட்டுவைக்காமல் ஒரு பிரின்ட் எடுத்து வீட்டில் வைத்திருப்பது அவசியம். விபத்து, இழப்பீடு என்று ஏதாவது வந்தால் கம்பெனி மெயிலைத் திறக்க வீட்டில் இருப்பவர்களால் முடியாது. லெட்டரில் எழுதிய கடைசித் தேதிக்குள் புராஜெக்ட் முடியவில்லை என்றால், டிசம்பர் 17-க்கு ஒரு வாரம் முன்னாலேயே நீட்டிப்பு கேட்டு அடுத்த லெட்டரைக் கொடுத்துவிட வேண்டும். தேதி முடிந்த பிறகு 12 மணிக்கு வைக்கும் பஞ்ச், மறுபடி லேட்தான்.